25 நிமிடம் கேட்டேன், பதில் வந்தது

கடந்த செப்டம்பர் மாதம் ஒரு நீரியல் விரிவுரையாளருக்கு நான் அனுப்பிய செய்தி இது:

"வணக்கம் டாக்டர். நான் ஒரு பல்கலைக்கழக மாணவன். எங்கள் தமிழ் மாணவர் இதழுக்காக வெள்ளம் பற்றி உங்களிடம் ஒரு சிறு நேர்காணல் செய்ய விரும்புகிறோம். உங்களுக்கு வசதியான நேரத்தைச் சொல்லவும். நன்றி."

புலனத்தில் இரவு 10.40 மணிக்கு அனுப்பினேன். அவருடைய எண்ணை ஒரு நண்பரிடம் வாங்கியிருந்தேன். மறுநாள் காலை இரண்டு நீலக் குறிகள் தெரிந்தன. அவர் படித்துவிட்டார். பத்து நாள் காத்திருந்தும் பதில் இல்லை.

எங்கள் இதழ் ஆண்டுக்கு இருமுறை வருகிறது. நவம்பர் இதழ் பருவமழைக்குச் சற்று முன்பு வெளிவரும் என்பதால் வெள்ளத்தைப் பற்றி எழுத முடிவு செய்திருந்தோம். எனக்கு அதில் சொந்தக் காரணமும் இருந்தது. என் மாமா வீடு ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் இருக்கிறது. 2021 டிசம்பரில் அந்தக் குடியிருப்பு மூழ்கியபோது மாமா, அத்தை, பிள்ளைகள் எல்லாரும் மாடியில் இருந்து படகுக்காகக் காத்திருந்தார்கள். அப்போது பெய்த மழை 'நூறு ஆண்டுக்கு ஒருமுறை' வரும் மழை என்று அதிகாரிகள் சொன்னார்கள். மாமா அதைப் பிடித்துக்கொண்டார். "நூறு வருஷத்துக்கு ஒரு தடவதானே? இனிமே நம்ம காலத்துல வராதுல்ல?" என்று எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கேட்பார். வீட்டை விற்பதா, இருப்பதா என்ற கணக்கு அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருந்தது. எங்களில் யாருக்கும் பதில் தெரியாது.

அந்தக் கேள்விக்காகத்தான் நான் ஒரு நிபுணரைத் தேடினேன். ஆனால் நான் அனுப்பிய செய்தியில் அந்தக் கேள்வியே இல்லை.

'சிறு' என்றால் எத்தனை நிமிடம்?

முந்தைய ஆண்டு இதழாசிரியராக இருந்த அக்காவிடம் செய்தியைக் காட்டினேன். அவர் குறை சொல்லவில்லை. மூன்று கேள்விகள் மட்டும் கேட்டார். "சிறு நேர்காணல்னா எத்தனை நிமிஷம்? வெள்ளத்துல எதைப் பத்தி? பேசி முடிச்ச பிறகு அவங்க வேற என்ன வேலை செய்யணும்?"

மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. எனக்கே தெரியாத நேரத்தை அவரிடம் கேட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. 'வசதியான நேரத்தைச் சொல்லவும்' என்று எழுதியபோது நான் பணிவாகப் பேசுவதாக நினைத்தேன். உண்மையில் வேலையை அவர் தலையில் வைத்திருந்தேன். எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர் ஊகிக்க வேண்டும், நாள்காட்டியைத் திறந்து இடம் தேட வேண்டும், எந்தத் தலைப்பு என்று திருப்பிக் கேட்க வேண்டும். இரவு 10.40 மணிக்கு யாரும் இதையெல்லாம் செய்யமாட்டார்கள். 'நாளை பார்க்கலாம்' என்று வைத்த செய்தி அப்படியே கீழே போய்விடும்.

அக்கா ஒரு சோதனை சொன்னார். கேள்விகளை ஒரு நண்பரிடம் கேட்டுப் பார்த்து, கடிகாரத்தில் அளக்க வேண்டும். சிவில் பொறியியல் படிக்கும் நண்பனை உட்காரவைத்தேன். என்னிடம் 12 கேள்விகள் இருந்தன. ஒரு கேள்வியைக் கேட்டு, அவன் பதில் சொல்லி, புரியாததை நான் திருப்பிக் கேட்டு முடிக்கச் சராசரியாக நான்கு நிமிடம் ஆனது. 12 கேள்விக்கு 48 நிமிடம். நான் 'சிறு' என்று எழுதியது முக்கால் மணி நேரத்துக்கு மேல்!

அதன்பின் கேள்விகளை வெட்டினேன். திடீர் வெள்ளம் என்றால் என்ன, கோலாலம்பூரின் ஸ்மார்ட் சுரங்கம் எவ்வளவு நீளம், எப்போது திறக்கப்பட்டது போன்ற ஐந்து கேள்விகளுக்கு நிபுணர் தேவையே இல்லை. சுரங்கம் 9.7 கிலோமீட்டர், 2007இல் திறக்கப்பட்டது. நூலகத்தில் இரண்டே நிமிடத்தில் கிடைத்தது. இன்னும் இரண்டு கேள்விகள் இழப்பீடு பற்றியவை. நீரியல் படித்தவரிடம் அவற்றைக் கேட்பதில் பொருளில்லை. மிஞ்சியவை ஐந்து.

ஐந்தை நான்கால் பெருக்கினால் 20 நிமிடம். அறிமுகத்துக்கும், ஒலிப்பதிவுக்கு அனுமதி கேட்பதற்கும் மூன்று நிமிடம். முடிவில் நன்றி சொல்லி, அடுத்து என்ன நடக்கும் என்று விளக்க இரண்டு நிமிடம். மொத்தம் 25.

அக்காவின் மூன்றாவது கேள்விக்கு வந்தேன். பேசி முடித்த பிறகும் நிபுணருக்கு வேலை இருக்கிறது. அவர் ஆங்கிலமும் தமிழும் கலந்து பேசுவார், நான் தமிழில் எழுதுவேன். நான் எழுதியது அவர் சொன்னதுதானா என்று அவர் பார்க்க வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கினேன். படம் எடுக்கத் தனியாக நேரம் கேட்கவில்லை. அவருடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் உள்ள படத்தைப் பயன்படுத்த அனுமதி மட்டும் கேட்பதாக முடிவு செய்தேன். ஆக, உண்மையான கணக்கு 35 நிமிடம். அதை மறைக்காமல் எழுதுவதுதான் முறை. 25 என்று சொல்லிவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டால், இரண்டாவது முறை அவர் நம்மை நம்பமாட்டார்.

இடையில் எனக்கு வேறொரு யோசனையும் வந்தது. கேள்விகளை அனுப்பி, எழுத்தில் பதில் கேட்டால் அவருக்கு எளிதாக இருக்குமே? அக்கா சிரித்தார். நான்கு நிமிடத்தில் வாயால் சொல்லக்கூடியதை எழுதித் திருத்தி முடிக்க அவருக்கு இருபது நிமிடம் ஆகலாம். எழுத்தில் கேட்டால் நேரம் மிச்சமாவது நமக்குத்தான்.

அனுப்பிய செய்தி

இரண்டாவது முறை புலனத்தைத் தொடவில்லை. அவருடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரிக்கு, அக்டோபர் 6, திங்கட்கிழமை காலையில் அனுப்பினேன்.

தலைப்பு: நேர்காணல் வேண்டுகோள் – 25 நிமிடம் – 'நூறு ஆண்டு வெள்ளம்' – அக்டோபர் 14 அல்லது 16

"மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம்.

நான் இரண்டாம் ஆண்டு மாணவன், எங்கள் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் இதழின் துணையாசிரியர். கடந்த மாதம் தங்கள் சொந்த எண்ணுக்குத் தகவல் அனுப்பியதற்கு மன்னிக்கவும்.

2021 டிசம்பர் மழையை 'நூறு ஆண்டுக்கு ஒருமுறை' என்றார்கள். தாமான் ஸ்ரீ மூடாவில் வசிக்கும் ஒரு குடும்பம் அந்தச் சொல்லை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதே எங்கள் நவம்பர் கட்டுரையின் கேள்வி. மழை, வெள்ள நிகழ்தகவைத் தாங்கள் கற்பிப்பதால் தங்களை நாடுகிறேன்.

தங்களிடம் வேண்டுவது இரண்டு. ஒன்று, சூம் அல்லது தொலைபேசி வழி 25 நிமிட உரையாடல். இரண்டு, ஒரு வாரம் கழித்து, தங்கள் கூற்றுகளை மட்டும் மின்னஞ்சலில் சரிபார்க்க 10 நிமிடம்.

அக்டோபர் 14 செவ்வாய் காலை 10 மணி அல்லது 16 வியாழன் மாலை 4 மணி ஏற்புடையதா? அதே வாரத்தில் வேறு நேரமானாலும் நான் வந்துவிடுவேன். தமிழ், ஆங்கிலம் எதில் வேண்டுமானாலும் பேசலாம். தாங்கள் அனுமதித்தால் ஒலிப்பதிவு செய்வேன். அது எழுதுவதற்கு மட்டுமே, வெளியிடப்படாது.

ஐந்து கேள்விகளையும் கீழே தந்துள்ளேன். வேண்டாததை நீக்கிவிடலாம். அக்டோபர் 10க்குள் ஒரு வரி பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும். இயலாது என்றால் அந்த ஒரு சொல்லே போதும். வேறு ஒருவரைக் கைகாட்டினாலும் நன்றி."

மறுநாள் காலை 8 மணிக்கே பதில் வந்தது. "வியாழன் 4 மணி சரி. மூன்றாவது கேள்வி என்னுடையது அல்ல."

மூன்றாவது கேள்வி, குடியிருப்பின் மதகுகளையும் பம்புகளையும் எப்போது இயக்க வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பது. அதை வடிகால் நீர்ப்பாசனத் துறையிடம் கேட்கச் சொன்னார். கூடவே ஓர் எச்சரிக்கையும் தந்தார். அரசு அதிகாரிகள் அனுமதியில்லாமல் ஊடகத்திடம் பேச முடியாது. தனி அதிகாரியைத் தேடிப் பிடிக்காமல், துறையின் பொதுத் தொடர்புப் பிரிவுக்கே எழுத வேண்டும், வாரக்கணக்கில் ஆகலாம். எங்கள் அச்சு நாள் அதற்கு இடம் தரவில்லை. அந்தக் கேள்வியைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டோம். கேள்விகளை முன்பே அனுப்பியதால்தான் இது நேர்காணலுக்கு ஒன்பது நாள் முன்பு தெரிந்தது. நேரில் கேட்டிருந்தால் நான்கு நிமிடம் வீணாகி, கட்டுரையில் ஓர் ஓட்டையும் விழுந்திருக்கும்.

செய்தியில் என்ன குறை என்பதை வருகின்ற பதிலே காட்டிவிடும் என்று பிறகு கற்றுக்கொண்டேன். எங்கள் குழுவில் ஒருவர் ஒரு வழக்கறிஞருக்கு எழுதியபோது "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று பதில் வந்தது. இன்னொருவருக்கு "கேள்விகளை முதலில் அனுப்புங்கள்" என்று வந்தது. "எந்தப் பத்திரிகை?" என்றும் ஒருவர் கேட்டார். திருப்பிக் கேட்கப்படும் ஒவ்வொரு கேள்வியும் நாம் எழுதாமல் விட்ட ஒரு வரி. பதிலே வராவிட்டால், ஐந்து வேலை நாள் கழித்து அதே மின்னஞ்சலின் தொடர்ச்சியாக ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அதுவே பதில்.

22ஆவது நிமிடம்

வியாழன் மாலை 3.55க்கே சூமில் காத்திருந்தேன். திறன்பேசியை விமானப் பயன்முறையில் வைத்து, தனியாக ஒலிப்பதிவு செய்தேன். பதிவின் நடுவே அழைப்பு வந்து அறுந்துவிடக் கூடாதே என்ற பயம்.

முதல் கேள்வி எளிதாகப் போனது. குடியிருப்பு தாழ்வாகவும் ஆறு பக்கத்திலும் இருந்தால் என்ன ஆகும் என்பது இரண்டாவது. ஆற்று நீர் மட்டம் உள்ளே இருக்கும் தரையைவிட உயர்ந்துவிட்டால் மதகை மூட வேண்டியிருக்கும். அப்போது உள்ளே பெய்த மழை தானாக வெளியேற முடியாது, பம்பு வைத்து இறைக்க வேண்டும் என்று விளக்கினார். அதற்கே பத்து நிமிடம் ஆகிவிட்டது. 22ஆவது நிமிடத்தில் கடைசிக் கேள்வி இன்னும் பாக்கி. மாமாவின் கேள்வி அது.

கேட்காமல் விடவும் மனமில்லை, சொன்ன நேரத்தை மீறவும் மனமில்லை. "டாக்டர், இன்னும் மூன்று நிமிடம்தான் இருக்கு. ஒரு கேள்வி பாக்கி. இப்போ கேட்கவா, இல்ல மின்னஞ்சல்ல அனுப்பவா?" என்றேன்.

"நேரத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கீங்களா? கேளுங்க, இதுதான் முக்கியமான கேள்வி" என்றார். உரையாடல் 31ஆவது நிமிடத்தில் முடிந்தது. அந்தக் கூடுதல் ஆறு நிமிடத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை, அவர் கொடுத்தார். முக்கியமான கேள்வியைக் கடைசியில் வைத்தது என் தவறு. இனி அதை இரண்டாவதாக வைப்பேன். முதல் கேள்வி இருவரும் பேச்சுக்குப் பழகுவதற்கு வேண்டும்.

பத்து நிமிடம் பிடித்த பிழை

31 நிமிட ஒலிப்பதிவை எழுத்தாக்க எனக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. பிறகு கட்டுரையை எழுதி, அவர் பெயரில் வரும் நான்கு பத்திகளை மட்டும் அனுப்பினேன். முழுக் கட்டுரையை அனுப்பவில்லை. கூற்று சரியா என்று பார்ப்பது அவர் உரிமை. கட்டுரை எப்படி இருக்க வேண்டும் என்பது இதழின் பொறுப்பு. செய்தியில் 'தங்கள் கூற்றுகளை மட்டும்' என்று எழுதியிருந்ததால் இதில் சங்கடம் எழவில்லை.

மூன்றாவது பத்தியில் நான் இப்படி எழுதியிருந்தேன்: 'இத்தகைய மழை நூறு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். எனவே அடுத்த சில தலைமுறைகள் கவலைப்பட வேண்டியதில்லை.'

முதல் வாக்கியம் அவர் சொன்ன ஆங்கிலச் சொல்லின் மொழிபெயர்ப்பு. இரண்டாவது, நானாகச் சேர்த்த விளக்கம். அவர் இரண்டையும் சிவப்பில் அடித்து, கீழே எழுதினார்: "நான் சொன்னது இதற்கு நேர் எதிர்."

'நூறு ஆண்டு' என்பது இரண்டு மழைகளுக்கு இடையே உள்ள காலம் அல்ல. எந்த ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டாலும் அந்த அளவு மழை வர 100இல் 1 வாய்ப்பு இருக்கிறது என்பதே அதன் பொருள். இந்த ஆண்டு வந்துவிட்டதால் அடுத்த ஆண்டின் வாய்ப்பு குறைவதில்லை, மறுபடியும் அதே 1 விழுக்காடுதான். 30 ஆண்டு வீட்டுக் கடன் கட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஓர் ஆண்டில் அந்த மழை வராமல் இருக்க வாய்ப்பு 0.99. முப்பது ஆண்டும் தொடர்ந்து வராமல் இருக்க 0.99ஐ முப்பது முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.74. அதாவது கடன் தீர்வதற்குள் ஒருமுறையாவது வர 26 விழுக்காடு வாய்ப்பு உண்டு.

அவர் இன்னொன்றும் சேர்த்தார். இந்த 1 விழுக்காடு, கடந்த கால மழைப் பதிவுகளை வைத்துக் கணக்கிட்டது. மழையின் போக்கு மாறினால் எண்ணும் மாறும். மேலும், நூறு ஆண்டு மழையும் நூறு ஆண்டு வெள்ளமும் ஒன்றல்ல. ஆற்றின் மேற்பகுதியில் காடு போய்க் கட்டடம் வந்தால், அல்லது வடிகால் அடைத்துக்கொண்டால், சிறிய மழையே பெரிய வெள்ளமாகலாம்.

நான் 25 நிமிடம் மட்டும் கேட்டிருந்தால் என் பிழை அப்படியே அச்சாகியிருக்கும், அதுவும் அவர் பெயரில். நீர் ஏறக்கூடிய இடத்தில் இருக்கும் குடும்பங்கள் அதைப் படித்து நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். அக்கா கேட்ட மூன்றாவது கேள்வியின் எடை அன்றுதான் தெரிந்தது.

நிமிடம் சொல்லக் கூடாத இடம்

இந்த முறை எல்லாருக்கும் பொருந்தாது. அதே இதழுக்காக, தோட்டத்தில் பால் மரம் சீவிய ஒரு பாட்டியைப் பார்க்கப் போயிருந்தோம். அவரிடம் '25 நிமிடம்' என்று சொன்னால் விரட்டுவது போலிருக்கும். அவருக்குத் தெரிந்தது ஐந்து கேள்விகளுக்குள் அடங்காது, எதைக் கேட்க வேண்டும் என்பதும் நமக்கு முன்கூட்டியே தெரியாது. அவருடைய பேத்தியிடம் கேட்டு, காலையில் ஒரு நாள், மாலையில் ஒரு நாள் என்று இருமுறை போனோம். முதல் நாள் ஒலிப்பதிவே செய்யவில்லை. தேநீர் குடித்துவிட்டு வந்தோம். அங்கேயும் நேரத்தைச் சொன்னோம், ஆனால் பேத்தியிடம், "பாட்டி களைப்பாகும் வரை" என்று.

நிமிடக் கணக்கு பொருந்துவது, குறிப்பிட்ட ஒரு கேள்விக்குக் குறிப்பிட்ட ஒருவரிடம் விடை இருக்கிறது என்று தெரியும்போதுதான்.

இதழ் நவம்பரில் வந்தது. மாமாவுக்கு ஒரு படி கொடுத்தேன். அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தார். "அப்போ நாலுல ஒண்ணு" என்றார். வீட்டை விற்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது, கீழே அலமாரியில் இருந்த பிறப்புப் பத்திரங்களும் வீட்டுப் பத்திரமும் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் மாடிக்குப் போயிருந்தன.